சீட் முதலீடு கேட்கும் முன்: பர்ன், ரன்வே கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி

சீட் முதலீடு கேட்டு வருபவர்களின் ஸ்லைடுகளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "மாத பர்ன் 3.5 லட்சம், ரன்வே 10 மாதம்." ரன்வே என்றால் கையிலிருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பது. இந்த வரியைப் படித்ததும் முதலீட்டாளர் கேட்பது பேங்க் ஸ்டேட்மென்ட்டைத்தான். ஸ்டேட்மென்ட்டை வைத்து அவர் தானே கணக்குப் போட்டு 5 மாதம் என்று கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற எண்களையும் அவர் நம்பமாட்டார். நிறுவனர் பொய் சொன்னதால் இந்த வித்தியாசம் வருவதில்லை. இருப்பைச் சராசரியால் வகுத்துவிட்டு அதோடு நின்றுவிடுவதால் வருகிறது.

கணக்கு எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை ஒரே ஒரு நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். திருப்பூர் பின்னலாடை ஆலைகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் விற்கும், கோவையில் இயங்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறுவனர்கள், ஐந்து ஊழியர்கள். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை. கணக்கு போடும் முறை அப்படியே உங்கள் கம்பெனிக்கும் பொருந்தும்.

முதல் படி: பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்து தொடங்குங்கள்

பர்ன் என்பது வங்கியிலிருந்து மாதாமாதம் கரையும் பணம். லாப நட்டக் கணக்கில் வரும் நஷ்டம் அதுவல்ல. லாப நட்டக் கணக்கில் பில் போட்ட அன்றே வருமானம் ஏறிவிடும். திருப்பூரிலோ 90 நாள் கழித்துப் பணம் வருவது சாதாரணம். லேப்டாப் வாங்கினால் வங்கியில் முழுத்தொகையும் இன்றே போகும், லாப நட்டக் கணக்கில் தேய்மானமாகத் துண்டு துண்டாக ஏறும். எனவே டேலியை மூடி வைத்துவிட்டு, கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகை வரவாகவும் செலவாகவும் இரண்டு முறை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் கம்பெனியில் ஜூலை 1 அன்று கரன்ட் அக்கவுன்ட்டும் ஃபிக்ஸட் டெபாசிட்டும் சேர்த்து 46,00,000 ரூபாய் இருந்தது.

| மாதம் | வந்தது | போனது | மாத முடிவில் இருப்பு |
|---|---|---|---|
| ஜூலை | 2,10,000 | 7,40,000 | 40,70,000 |
| ஆகஸ்ட் | 1,90,000 | 7,70,000 | 34,90,000 |
| செப்டம்பர் | 8,60,000 | 8,00,000 | 35,50,000 |

போனதை மட்டும் கூட்டினால் கிடைப்பது கிராஸ் பர்ன். மூன்று மாதத்தில் 23,10,000, மாதச் சராசரி 7,70,000. வந்ததைக் கழித்தால் நெட் பர்ன். மூன்று மாதத்தில் இருப்பு 10,50,000 குறைந்திருக்கிறது, அதாவது மாதம் 3,50,000. இருப்பு 35,50,000-ஐ 3,50,000-ஆல் வகுத்தால் பத்து மாதம். ஸ்லைடில் ஏறிய எண் இதுதான். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் இதை நம்பி யாரும் ஆள் எடுக்கக்கூடாது.

இரண்டாம் படி: வரவில் எது திரும்ப வரும் என்று பிரியுங்கள்

செப்டம்பரில் வந்த 8,60,000-ஐத் திறந்து பார்த்தால், அதில் 6,48,000 ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்திருக்கிறது. ஒரு பெரிய ஆலை, ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டியிருக்கிறது. பில் தொகை 6,00,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,08,000. ஆலை 6,00,000-க்கு 10 சதவீத டிடிஎஸ் 60,000-ஐப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறது. சேவையின் தன்மையைப் பொறுத்து இந்த விகிதம் 2 சதவீதமாகவும் இருக்கலாம். எது என்று உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். பிடித்த டிடிஎஸ் உங்கள் பெயரில் வரியாக வரவாகும். நஷ்டத்தில் இருக்கும் கம்பெனிக்கு அது ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகு ரீஃபண்டாகத் திரும்பும். அதுவரை அது உங்கள் கையில் இல்லாத பணம்.

இந்த 6,48,000 அடுத்த செப்டம்பர் வரை மறுபடி வராது. இதைச் சராசரியில் கலந்ததால்தான் பர்ன் இரண்டு லட்சத்துக்கும் மேல் குறைவாகத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் மூன்று மாத வழக்கமான வரவு 6,12,000, மாதம் 2,04,000.

இதே சல்லடையில் இன்னும் சில வரவுகளும் நிற்க வேண்டும். நிறுவனர் தன் சொந்தக் கணக்கிலிருந்து போட்ட பணம், நண்பர் கொடுத்த கடன், அரசு மானியம், வருமான வரி ரீஃபண்ட் ஆகியவை எல்லாம் ஸ்டேட்மென்ட்டில் வரவாகத்தான் தெரியும். ஆனால் அவை வியாபாரத்தில் வந்த பணம் இல்லை. இவற்றைத் தனி நெடுவரிசையில் போடுங்கள். குறிப்பாக நிறுவனர் போட்ட பணம் வருமானத்தோடு கலந்திருந்தால், முதலீட்டாளரின் ஆள் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார். ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனையையும் வங்கி வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

செலவுப் பக்கத்திலும் இதே நேர்மை வேண்டும், அங்கே அது உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கும். செப்டம்பரில் இரண்டு லேப்டாப் வாங்க 90,000 போயிருக்கிறது. அது மாதாமாதம் வரும் செலவு இல்லை. கழித்தால் மூன்று மாதச் செலவு 22,20,000, மாதம் 7,40,000. எதைக் கழித்தீர்கள், ஏன் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஆனால் எல்லா மாதமும் ஏதாவது ஒரு "ஒருமுறை செலவு" இருந்தால் அது ஒருமுறை செலவு இல்லை. அதைக் கழிக்காதீர்கள்.

இப்போது உண்மையான நெட் பர்ன்: 7,40,000-லிருந்து 2,04,000 போக, மாதம் 5,36,000.

மூன்றாம் படி: இருப்பில் உங்களுடையது எவ்வளவு

வங்கியில் இருக்கும் 35,50,000-உம் செலவழிக்கக் கூடியது இல்லை. பெரிய ஆலையிடம் வாங்கிய ஜிஎஸ்டி 1,08,000 அரசுக்குச் சேர வேண்டியது. மாதாமாதம் GSTR-3B தாக்கல் செய்பவர்கள் அதை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். செப்டம்பர் பில்லுக்கு அக்டோபர் 20. டிடிஎஸ் பிடித்ததால் வந்த பணம் குறைந்தாலும், ஜிஎஸ்டியை முழுதாகத்தான் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு அக்டோபரில் திணறும் கம்பெனிகள் ஏராளம்.

வழக்கமான மாத ஜிஎஸ்டி, சம்பள டிடிஎஸ் போன்றவற்றை இங்கே மறுபடி கழிக்க வேண்டாம். அவை மாதச் செலவு 7,40,000-க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. வழக்கத்துக்கு மேல் வந்ததை மட்டும் கழிக்க வேண்டும்.

அடுத்து, ஒரு வாடிக்கையாளருக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க 2,00,000 ஃபிக்ஸட் டெபாசிட்டில் பூட்டப்பட்டிருக்கிறது. அதையும் தொட முடியாது. மீதி 32,42,000. அதை 5,36,000-ஆல் வகுத்தால் ஆறு மாதம். பத்து ஆறாகிவிட்டது, கம்பெனியில் எதுவும் மாறவில்லை.

நான்காம் படி: வகுத்தலை விட்டுவிட்டு மாதவாரி அட்டவணை போடுங்கள்

ஆறு மாதம் என்ற எண்ணும் இறுதியானது இல்லை. இனி வரப்போகும் செலவுகள் பழைய சராசரியில் இருக்காது. நம் கம்பெனிக்கு முன்னால் மூன்று விஷயங்கள் காத்திருக்கின்றன. நவம்பரில் தீபாவளி போனஸ் 1,50,000. பிப்ரவரியில் ஊழியர்களின் குழு மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க 1,10,000. மூன்றாவதுதான் அடிக்கடி விட்டுப்போவது: கிளவுட் கிரெடிட். ஸ்டார்ட்அப்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் சர்வர் கிரெடிட் இருக்கும்வரை வங்கியில் ஒரு ரூபாய்கூடப் போகாது. காலாவதியான மறுமாதம் முழு பில்லும் வந்து நிற்கும். இங்கே கிரெடிட் டிசம்பரோடு முடிகிறது, ஜனவரி முதல் மாதம் 45,000. உங்கள் கிரெடிட் எந்தத் தேதியில் முடிகிறது, இப்போது மாதம் எவ்வளவு அதிலிருந்து கழிகிறது என்பது பில்லிங் பக்கத்திலேயே இருக்கும்.

ஷீட்டில் தொடக்க இருப்பு B, வரவு C, செலவு D, முடிவு இருப்பு E என்று வைத்துக்கொண்டால் தேவைப்படுவது இரண்டே வாய்ப்பாடு:

```
E2: =B2+C2-D2
B3: =E2
```

| மாதம் | தொடக்கம் | வரவு | செலவு | முடிவு |
|---|---|---|---|---|
| அக்டோபர் | 32,42,000 | 2,04,000 | 7,40,000 | 27,06,000 |
| நவம்பர் | 27,06,000 | 2,04,000 | 8,90,000 | 20,20,000 |
| டிசம்பர் | 20,20,000 | 2,04,000 | 7,40,000 | 14,84,000 |
| ஜனவரி | 14,84,000 | 2,04,000 | 7,85,000 | 9,03,000 |
| பிப்ரவரி | 9,03,000 | 2,04,000 | 8,95,000 | 2,12,000 |
| மார்ச் | 2,12,000 | 2,04,000 | 7,85,000 | −3,69,000 |

மார்ச் மாதச் சம்பளம் போட முடியாது. ரன்வே ஐந்து மாதம். முதலீட்டாளரிடம் இதைச் சொல்லும்போது "ஐந்து மாதம்" என்பதைவிட "புதுப் பணம் எதுவும் வராவிட்டால் பிப்ரவரி சம்பளம் வரை போட முடியும்" என்று சொல்லுங்கள். மாதக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். தேதி மாறாது. அக்டோபரில் தயாரித்த ஸ்லைடை டிசம்பரில் காட்டினாலும் அது உண்மையாகவே இருக்கும்.

இந்த அட்டவணையில் புதிய விற்பனை எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே செய்தது. கையெழுத்தாகாத ஆர்டரை இதில் ஏற்றினால், எது கணக்கு, எது ஆசை என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய முடியாது. பில் போட்டு இன்னும் வராத தொகையைத் தனியாக, ஒவ்வொரு பில்லும் எத்தனை நாளாக நிற்கிறது என்ற விவரத்தோடு கொடுங்கள்.

ஐந்தாம் படி: எவ்வளவு கேட்பது

பலர் முதலில் ஒரு தொகையை முடிவுசெய்துவிட்டு அதற்கு ஏற்றபடி செலவை நிரப்புகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பணம் வந்த பிறகு மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று தொடங்குங்கள்.

ஜனவரிக்குப் பிந்தைய வழக்கமான செலவு 7,85,000. இதுவரை சம்பளம் எடுக்காத இரண்டு நிறுவனர்களுக்கும் தலா 40,000 என்று 80,000. இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறுவனர் சம்பளம் பூஜ்யம் என்று 18 மாதத் திட்டம் போட்டால், வீட்டு வாடகை எப்படிக் கட்டுவீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். திருப்பூருக்கு ஒரு விற்பனையாளர், ஒரு டெவலப்பர், ஒரு சப்போர்ட் ஆள் மூவருக்கும் சேர்த்து 1,50,000. போனஸையும் காப்பீட்டையும் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 22,000. மொத்தம் 10,37,000. இப்போதைய வரவு 2,04,000-ஐக் கழித்தால் நெட் பர்ன் 8,33,000.

ஆள் கூடும்போது சட்டப்படியான செலவுகளும் கூடும் என்பதை இங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊழியர் எண்ணிக்கை 10-ஐத் தொட்டால் இஎஸ்ஐ, 20-ஐத் தொட்டால் பிஎஃப் கட்டாயம். இஎஸ்ஐயில் மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இந்தக் கம்பெனியில் எட்டு ஊழியர்கள்தான் ஆகிறார்கள், ஆனால் நிறுவனர்களும் சம்பளப் பட்டியலில் வரும்போது எண்ணிக்கையை எப்படி எடுப்பது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

இப்போது இரண்டு நிலைகளைக் கணக்கிடுங்கள். வரவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை என்றால், 18 மாதத்துக்கு 8,33,000 வீதம் 1.5 கோடி வேண்டும். மாதம் மூன்று புதிய ஆலைகள் சேர்ந்து, ஜிஎஸ்டி போக வரவு ஒவ்வொரு மாதமும் 20,000 கூடிக்கொண்டே போனால், 18 மாதத்தில் 34,20,000 கூடுதலாக வரும். அப்போது தேவை 1,15,74,000-தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் 1.25 கோடி கேட்கலாம். வளர்ச்சியே இல்லாவிட்டால் 15 மாதம் தாங்கும், திட்டப்படி வளர்ந்தால் 20 மாதம் தாங்கும். இந்த ஒரு வாக்கியத்தை ஸ்லைடில் எழுதலாம். "18 மாதம்" என்று ஒற்றை எண்ணைப் போடுவதைவிட இதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் உங்கள் கணக்கு எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது என்று பார்ப்பவருக்கு உடனே தெரிகிறது. அடுத்த கேள்வி "மாதம் மூன்று ஆலை எப்படி வரும்?" என்பதாகத்தான் இருக்கும். கடந்த ஆறு மாதத்தில் மாதவாரியாக எத்தனை ஆலை சேர்ந்தது, எத்தனை விலகியது என்ற பட்டியல் கையில் இருக்கட்டும். கடந்த ஆறு மாதமும் மாதம் ஒன்றுதான் சேர்ந்தது என்றால் மூன்று என்று எழுதாதீர்கள். ஒன்று என்றே வைத்து, விற்பனையாளர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் எண்ணிக்கை கூடும் என்று போடுங்கள்.

இதில் எங்கேயும் கையிலிருக்கும் 32 லட்சத்தைச் சேர்க்கவில்லை. பேச்சு தொடங்கியதிலிருந்து பணம் வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம், அதற்குள் அது கரைந்துவிடும். "கேட்பது 1.25 கோடி, கையில் 32 லட்சம், ஆக 1.57 கோடி" என்று கூட்டுவது இல்லாத பணத்தைக் கணக்கில் சேர்ப்பதாகும்.

ஆறாம் படி: பணம் எந்தத் தேதியில் செலவுக்கு வரும்

முதலீட்டாளர் சரி என்று சொன்ன நாள் வேறு, பணம் கணக்கில் விழும் நாள் வேறு, அதை எடுத்துச் செலவழிக்கக் கூடிய நாள் வேறு. பிரைவேட் பிளேஸ்மென்ட் வழியாகப் பங்கு கொடுத்துப் பணம் திரட்டினால், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பங்கை ஒதுக்கி, PAS-3 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அதைத் தொடக்கூடாது. ஒதுக்கீட்டுக்கு 60 நாள் அவகாசம், ஒதுக்கிய பிறகு தாக்கலுக்கு 15 நாள். அவகாசம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், பணம் கண்ணெதிரே இருக்கும்போதே சம்பளம் போட முடியாத நிலை வரும். கம்பெனி செக்ரட்டரியிடம் போர்டு தீர்மானங்களையும் படிவத்தையும் முன்கூட்டியே தயாராக வைக்கச் சொன்னால் இந்த இடைவெளியைச் சில நாட்களுக்குக் குறைக்கலாம்.

தவணையாக வரும் பணத்திலும் இதே எச்சரிக்கை தேவை. முதலீட்டாளர் பாதியை இப்போதும், மீதியை இலக்கு எட்டிய பிறகும் தருவதாகச் சொன்னால், ரன்வே அட்டவணையில் முதல் பாதியை மட்டும் ஏற்றுங்கள். ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டத்தில் 20 லட்சம் வரை கிடைக்கும் மானியமும் மைல்கற்களை எட்ட எட்டத் தவணையாகத்தான் வரும். ஒப்புதல் கடிதத்தில் உள்ள முழுத்தொகையையும் இந்த மாத இருப்பாகப் போடக்கூடாது.

ஏழாம் படி: பணம் வராவிட்டால் எந்தத் தேதியில் என்ன செய்வீர்கள்

இதைக் காட்டும் நிறுவனர்கள் குறைவு, ஆனால் அனுபவமுள்ள முதலீட்டாளர் தேடிப் பார்க்கும் பக்கம் இது. செலவைக் குறைக்கவும் பணம் வேண்டும். ஒருவரை அனுப்பினால் நோட்டீஸ் காலச் சம்பளம், விடுப்புத் தொகை எல்லாம் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அலுவலகத்தைக் காலி செய்தாலும் முன்பணம் உடனே திரும்பி வராது. எனவே கையில் இரண்டு மாதச் செலவு மிச்சமிருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

நம் கம்பெனிக்கு ஜனவரி முதல் இரண்டு மாதச் செலவு 15,70,000. அட்டவணையைப் பாருங்கள்: டிசம்பர் முடிவில் இருப்பு 14,84,000. அதாவது பிப்ரவரி வரை பணம் இருக்கிறது என்றாலும், முடிவெடுக்கும் கடைசி நாள் டிசம்பர் மூன்றாவது வாரம். அதற்குள் முதலீட்டு நிபந்தனைகளைச் சொல்லும் டெர்ம் ஷீட் கையெழுத்தாகவில்லை என்றால் எந்த மூன்று செலவை நிறுத்துவீர்கள், அதனால் பர்ன் 5.8 லட்சத்திலிருந்து எவ்வளவுக்கு இறங்கும், எந்த மாதம்வரை நீளும் என்று நான்கு வரியில் எழுதி, அதே ஷீட்டில் இரண்டாவது தாளாக வைத்துவிடுங்கள்.

கடைசியாக அனுப்ப வேண்டியவை: மூன்று மாத வரவு செலவு, நீங்கள் கழித்த தொகைகளின் காரணக் குறிப்பு, பணம் வராத நிலையின் மாதவாரி அட்டவணை, பணம் வந்த பிறகான இரண்டு நிலைகள். வாய்ப்பாடுகள் உயிரோடு இருக்கும் ஷீட்டாகவே அனுப்புங்கள், பிடிஎஃப் ஆக்க வேண்டாம். வரவு நெடுவரிசையில் ஒரு எண்ணை அவர் மாற்றினால் கடைசி மாதம் தானாக நகர வேண்டும். அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை வரவைப் பாதியாக்கிப் பாருங்கள். மார்ச்சில் இருந்த கழித்தல் குறி பிப்ரவரிக்கு நகர்கிறதா என்று பார்த்தால் போதும்.